ஆத்தங்குடி ஓடுகளுக்கான சரக்குப் போக்குவரத்துச் சேவைத்தர ஒப்பந்தம்

ஆத்தங்குடியில் கைவினை ஓடு தயாரித்து விற்கும் பட்டறையார் (இனி 'உற்பத்தியாளர்') ஒரு தரப்பாகவும், காரைக்குடியில் கிடங்கும் லாரிகளும் வைத்து நடத்தும் சரக்கு நிறுவனத்தார் (இனி 'போக்குவரத்தாளர்') மறு தரப்பாகவும் மனமொப்பிச் செய்துகொண்ட இவ்வொப்பந்தம், 2025 ஜூலை 1 முதல் 12 மாதங்களுக்குச் செல்லும்.

1. சரக்கின் தன்மை
ஆத்தங்குடி ஓடு சூளையில் சுடப்படுவதன்று. கண்ணாடிமேல் வண்ணக் கலவையை வார்த்து, சிமெண்டும் மணலும் இட்டு, நீரில் ஊறவைத்து உலர்த்தி எடுக்கப்படுவது. வார்ப்புக்கு வார்ப்பு வண்ணம் சிறிது மாறும் என்பதால், ஒரு வீட்டின் தரைக்கென வார்த்தவற்றில் பத்து உடைந்தால்கூட, பின்னர் வார்த்துத் தருபவை பக்கத்து ஓட்டோடு நிறம் சேராமற்போகலாம். உடைவு விதி கடுமையாக இருப்பதற்கு இதுவே காரணம். ஓடுகளை முகத்தோடு முகம் சேர்த்து, இடையில் வைக்கோல் இட்டு, செங்குத்தாகவே அடுக்க வேண்டும். வழியில் வேறு வண்டிக்கு மாற்றக் கூடாது.

2. நேரம்
பகல் 12 மணிக்குள் தெரிவிக்கப்படும் லோடுக்கு மறுநாள் காலை 10 மணிக்குள் வண்டி பட்டறைக்கு வர வேண்டும். லாரி ரசீதில் குறித்த புறப்பாட்டு நேரத்திலிருந்து சென்னைக்கு 36 மணி நேரத்திலும் பெங்களூருக்கு 48 மணி நேரத்திலும் வண்டி இறக்குமிடம் சேர வேண்டும். மாதத்துக்கு ஏறத்தாழ 20 லோடுகளே செல்வதால் சதவீதத்தைவிட எண்ணிக்கையே தெளிவானது: மாதத்தில் முதல் தாமதம் பொறுக்கப்படும்; இரண்டாவது முதல் ஒவ்வொன்றுக்கும் அந்த லோடு வாடகையில் 10 சதவீதம் கழிக்கப்படும். வெள்ளம், அரசு செய்த சாலை அடைப்பு, பட்டறையில் ஏற்றுவதற்கு 2 மணி நேரத்துக்கு மேலான காத்திருப்பு ஆகியன தாமதக் கணக்கில் சேரா. வண்டிப் பழுதும் ஓட்டுநர் இன்மையும் சேரும்.

3. உடைவு
லோடு ஒன்றில் 1,000 ஓட்டுக்கு 5 வரை உடைவு ஏற்கப்படும். அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு ஓட்டுக்கும் விலைச்சிட்டையில் கண்ட முழு விலையையும், மாற்று ஓடுகளை அனுப்பும் வாடகையையும் போக்குவரத்தாளர் ஏற்பார். மூலை சிதைந்ததும் விரிசல் கண்டதும் உடைவே. இறக்கும்போது ஓட்டுநரும் பெறுபவரும் சேர்ந்து எண்ணி, நிழற்படம் எடுத்து, லாரி ரசீதின் பின்புறம் எழுதிக் கையொப்பமிட வேண்டும். சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, பிரிவு 10 இன் பொறுப்பு வரம்பு இதற்குத் தடையாகாதபடி, ஒவ்வொரு லோடுக்கும் உயர் இடர்க் கட்டணத்தை உற்பத்தியாளர் எழுத்து மூலம் ஏற்றுச் செலுத்துவார்.

4. கணக்குத் தீர்வு
முந்தைய மாத லோடு விவரத்தைப் போக்குவரத்தாளர் 5 ஆம் தேதிக்குள் அனுப்புவார். மறுப்பிருந்தால் உற்பத்தியாளர் 7 நாட்களில் தெரிவித்து, கழிவு போக மீதி வாடகையை அவ்விவரம் கிடைத்த 15 நாட்களுக்குள் செலுத்துவார். தவறினால் மாதத்துக்கு 1 சதவீத வட்டி உண்டு. தாமதக் கழிவு அம்மாத வாடகையில் 5 சதவீதத்தைத் தாண்டாது. உடைவு இழப்பீட்டுக்கு இவ்வரம்பு இல்லை. இத்தொகைகள் இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 74 இன் பொருளில் இரு தரப்பும் முன்கூட்டி மதிப்பிட்ட இழப்பீடாகும்.

5. முடிவும் தகராறும்
தொடர்ந்து மூன்று மாதங்கள் தாமதக் கழிவு உச்சவரம்பை எட்டினால், உற்பத்தியாளர் 15 நாள் அறிவிப்பில் ஒப்பந்தத்தை முடிக்கலாம். தகராறுகள் 1996 ஆம் ஆண்டு நடுவர் மற்றும் இணக்கத் தீர்வுச் சட்டப்படி காரைக்குடியில் ஒரே நடுவரால் தீர்க்கப்படும்.