பொருள்: ஜூன் 20 சனி இரவு ஆர்டர் தளத்தை மும்பை சர்வருக்கு மாற்றுகிறோம் – தேதிகள், ஆபத்துகள், திரும்பி வரும் வழி

அனைவருக்கும் வணக்கம்,

ஜூன் 20, சனிக்கிழமை இரவு 11 மணிக்கு ஆர்டர் தளத்தை மூடுகிறோம். ஞாயிறு காலை 5 மணிக்குப் புது சர்வரில் திறக்கிறோம். தாமதமானாலும் சமாளிக்க, கடைக்காரர்களிடம் காலை 6 மணி என்றே சொல்லுங்கள். அந்த இரவு நம்மில் ஐந்து பேர் விழித்திருக்க வேண்டும். மற்றவர்களும் கடைசிவரை படித்துவிடுங்கள். ஞாயிறு காலை போன் எடுக்கப் போவது நீங்கள்தான்.

ஏன் மாறுகிறோம் என்பது மார்ச் 16 இரவு இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். திங்கள் சந்தை, ரம்ஜானுக்குச் சில நாள்தான் பாக்கி. மாலை 5 மணிக்கு டிஸ்க் போனது. தளம் திரும்ப வந்தபோது இரவு 2 மணி. அதற்குள் நம் டிக்கெட்டுக்குப் பழைய சர்வர் கம்பெனியிடமிருந்து வந்த பதில் இரண்டே வரி. அவர்கள் கையில் கொடுத்த பேக்கப் ஆறு நாள் பழையது. தேனியிலிருந்து ஒரு கடைக்காரர் அழைத்து, "பஸ்ல உட்கார்ந்து நாற்பது உருப்படி டைப் பண்ணினேன்மா, எல்லாம் போச்சா?" என்று கேட்டார். போச்சு என்றுதான் சொல்ல முடிந்தது. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது. அது போக, பழைய சர்வரில் ஓடும் சென்ட்ஓஎஸ் 7-க்கு 2024 ஜூன் 30-உடன் ஆதரவு முடிந்தது. மைஎஸ்க்யூஎல் 5.7-க்கு அதற்கும் முன்பே, 2023 அக்டோபரில். பாதுகாப்பு ஓட்டை வந்தால் அடைக்க ஆள் கிடையாது.

போகும் இடம் அமேசான் வெப் சர்வீசஸின் மும்பை ரீஜன் (`ap-south-1`). உபுண்டு 24.04, மைஎஸ்க்யூஎல் 8.4. பேக்கப் தினமும் நம் கணக்கிலேயே விழும். வாரம் ஒருமுறை அதை நாமே திறந்து பார்ப்போம்.

சனிக்கிழமையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், சந்தை திங்கள் மாலைதான் தொடங்குகிறது. நடுவில் ஒரு முழு ஞாயிறு நம் கையில் இருக்கும். ஜூலைக்குத் தள்ளினால் ஆடி ஆர்டர் குவியும் நேரத்தில் கை வைக்க வேண்டி வரும். அதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

தேதிகள்

ஜூன் 13, சனி: இரண்டாவது ஒத்திகை. மே 30 ஒத்திகையில் 18 ஜிபி டேட்டாவை எடுத்து ஏற்ற 1 மணி 50 நிமிடம் ஆனது.
ஜூன் 17, புதன்: மாலையிலிருந்து கோடில் எந்த மாற்றமும் கிடையாது. "சின்ன மாற்றம்தான் அக்கா" என்று யாரும் வராதீர்கள்.
ஜூன் 18, வியாழன் காலை: டிஎன்எஸ் டிடிஎல் 86400-இலிருந்து 300 ஆகும். பழைய மதிப்பு ஒரு முழு நாள் என்பதால் இதைக் கடைசி நேரத்தில் செய்து பயனில்லை.
ஜூன் 20, சனி இரவு 11: தளம் மூடல், டேட்டா எடுப்பு. சுமார் 1.15-க்கு ஏற்றி முடியும். 3 மணி வரை சோதனை, பிறகு டிஎன்எஸ் மாற்றம். 4 மணிக்கு முடிவு, 5 மணிக்குத் திறப்பு.

எனக்குப் பயமுள்ள இடங்கள்

முதல் பயம், தமிழ் எழுத்து. நம் பழைய அட்டவணைகளில் சரக்குப் பெயர்கள் `latin1` பத்திகளில் உட்கார்ந்திருக்கின்றன. எழுதும்போதும் படிக்கும்போதும் ஒரே தவறு நடந்ததால் இத்தனை வருடம் திரையில் சரியாகத் தெரிந்தது. வழக்கமான முறையில் டம்ப் எடுத்தால் "சேலை" என்பது `à®šà¯‡à®²à¯ˆ` என்று வந்து நிற்கும். முதல் ஒத்திகையில் அப்படித்தான் வந்தது. பிரபு அதற்கு மாற்று வழி எழுதிவிட்டார். ஆனாலும் திரையை நம்பாமல், பைட்டையே பார்க்கிறோம்:

```
SELECT HEX(name) FROM items WHERE id = 4127;
```

`E0AE9A` என்று தொடங்கினால் சரி. `C3A0C2AE` என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடுங்கள்.

இரண்டாவது, நேரம். புது சர்வர் யூடிசியில் வருகிறது. நாம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மாற்ற மறந்தால் நள்ளிரவு 12-லிருந்து 5.30 வரை வரும் ஆர்டர்களுக்கு முந்தைய நாள் தேதி விழும். சந்தை இரவில் நமக்குக் கூட்டமே அந்த நேரத்தில்தான். சர்வரில் `Asia/Kolkata`, டேட்டாபேஸில் `+05:30`, இரண்டையும் கவிதா தனித்தனியாகச் சரிபார்ப்பார்.

மூன்றாவது, ஐபி. பேமென்ட் கேட்வேயும் இ-இன்வாய்ஸ் இணைப்பும் நம் பழைய ஐபியிலிருந்து வந்தால்தான் கதவைத் திறக்கும். இருவரிடமும் புது ஐபியைச் சேர்க்கச் சொல்லி எழுதியாயிற்று. ஜூன் 15-க்குள் பதில் வராவிட்டால் செந்தில் அண்ணா நேரில் பேசுவார். இருவரில் ஒருவர் சேர்க்காவிட்டாலும் மாற்றம் ஒரு வாரம் தள்ளிப்போகும். புது சர்வரில் 25-ஆம் போர்ட் அடைத்தே இருக்கும் என்பதால் மெயில் 587 வழியாகப் போகும். குடோனில் பார்கோடு அடிக்கும் கம்ப்யூட்டரின் `hosts` ஃபைலில் யாரோ பழைய ஐபியைக் கையால் எழுதி வைத்திருப்பதைப் போன வாரம்தான் பார்த்தேன். இப்படி வேறெங்காவது எழுதியது நினைவிருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். யாரையும் திட்ட மாட்டேன்.

டிஎன்எஸ் மாறிய பிறகும் சிலருடைய இணைய இணைப்பு பழைய முகவரிக்கே கொண்டுவிடும். அதனால் பழைய சர்வர் தானாக எதையும் பதிவு செய்யாது. வந்தவர்களைப் புதியதற்கு அனுப்பி மட்டும் வைக்கும். ஆர்டர் இரண்டு இடத்தில் பிரிந்து விழுந்தால் அதைச் சேர்ப்பது நரகம்.

சரிவராவிட்டால்

காலை 4 மணிக்குள் தமிழ் எழுத்து, தேதி, ஒரு ரூபாய் பேமென்ட், ஒரு சோதனை ஆர்டர் நான்கும் தேறாவிட்டால் டிஎன்எஸ்ஸைத் திருப்பிவிட்டுப் பழைய தளத்தையே திறக்கிறோம். ஒன்றும் இழப்பில்லை, ஏனென்றால் 11 மணிக்குப் பிறகு அதில் யாரும் எழுதியிருக்க மாட்டார்கள். "இன்னும் பத்து நிமிஷம்" கேட்க யாருக்கும் அனுமதி இல்லை, எனக்கும் சேர்த்து.

திறந்த பிறகு கோளாறு தெரிந்தால், ஞாயிறு இரவு 8 மணி வரை திரும்பலாம். ஞாயிற்றுக்கிழமை சுமார் 150 ஆர்டர் வரும். அவற்றை எடுத்துப் பழைய தளத்தில் கையால் ஏற்ற இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம் போதும். இதற்காகவே அன்று முழுக்க பில் போட மாட்டோம், ஆர்டர் மட்டும் வாங்குவோம். ஜிஎஸ்டி பில் எண் தொடர்ச்சி ஒருமுறை கெட்டால் கணக்குப் பிரிவு மாதக்கணக்கில் அவதிப்படும். 8 மணிக்குப் பிறகு திரும்புவதில்லை; எது வந்தாலும் புது சர்வரிலேயே சரிசெய்கிறோம். பழைய சர்வருக்கு ஜூலை 31 வரை பணம் கட்டியிருக்கிறது, அதுவரை எதையும் அழிக்க மாட்டோம்.

சனி இரவு அலுவலகத்தில் நான், பிரபு, கவிதா. வீட்டிலிருந்து செந்தில் அண்ணா, ரமேஷ். சாப்பாடு அலுவலகத்திலேயே சொல்லியிருக்கிறேன். கவிதாவும் நானும் வீடு திரும்ப வண்டிக்கும் ஏற்பாடு செய்தாயிற்று. வாடிக்கையாளர் பிரிவினர் ஞாயிறு காலை 5.30-க்கே போனில் இருங்கள். கடைக்காரர்களுக்குப் போக வேண்டிய வாட்ஸ்அப் செய்தியை நாளை அனுப்புகிறேன். அதை 15-ஆம் தேதி ஒருமுறை, 20-ஆம் தேதி மதியம் ஒருமுறை போடுங்கள்.

அந்த வார இறுதியில் வீட்டு விசேஷம் இருப்பவர்கள் வரும் புதன், ஜூன் 10-க்குள் சொல்லிவிடுங்கள், ஆள் மாற்றிக்கொள்ளலாம். நான் எழுதியதில் தவறு கண்டால் எல்லோருக்கும் தெரியும்படி இதற்கே பதில் போடுங்கள்.

அன்புடன்,
மாலதி
சிஸ்டம்ஸ் பிரிவு, ஈரோடு
ஜூன் 8, 2026