நைனா, நான் தேவி

நைனா, நான் தேவி. உன் பொண்ணு. தெரியாத நம்பரா இருக்கேன்னு அழிச்சிடாத. கண்ணாடி போட்டுக்கினு மெதுவா படி.

மொதல்ல ஒண்ணு சொல்லிடறேன். யாருக்கும் உடம்பு சரியில்லன்னோ, யாரோ போயிட்டாங்கன்னோ சொல்ல எழுதல. இத்தன வருஷம் கழிச்சு மெசேஜ் வந்தா மனசு அங்க தான் போகும். நாங்க எல்லாரும் நல்லா இருக்கோம்.

நம்பர் அத்தை குடுத்துச்சு. போன மாசம் எண்ணூர்ல ஒரு கல்யாணத்துல பாத்தேன். தானா குடுக்கல. நான் கேட்டு, அது ரொம்ப நேரம் யோசிச்சு, பந்தி முடிஞ்சு கை கழுவற எடத்துல வெச்சு தான் சொல்லுச்சு. அது மேல கோச்சுக்காத. நீ மீஞ்சூர் பக்கம் இருக்கேன்னு மட்டும் சொல்லுச்சு, அதுக்கு மேல நானும் கேக்கல.

உனக்கு 'நீ'ன்னு எழுதறதா 'நீங்க'ன்னு எழுதறதான்னே ஒரு மணி நேரம் போச்சு. 'நீங்க'ன்னு ரெண்டு வரி அடிச்சு பாத்தேன், ஹவுஸ் ஓனருக்கு எழுதற மாதிரி இருந்துச்சு. அழிச்சிட்டேன். சின்னதுல கூப்பிட்ட மாதிரியே எழுதறேன், தப்பா எடுத்துக்காத.

நேத்து சாயங்காலம் காசிமேடு பக்கம் போயிருந்தேன். தடைக்காலம் ஆரம்பிச்சிடுச்சு இல்ல, போட்டுங்க எல்லாம் கட்டிக் கெடக்கு. ஒரே சுத்தியல் சத்தம், பெயிண்ட் வாசன. நீ இருந்தப்போ 45 நாளு தான். இப்போ ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாளு ஆக்கிட்டாங்க. கடலுக்குப் போறவங்களுக்கு லீவு, உனக்கு அப்போ தான் ராவும் பகலும் இஞ்சின் வேல. வூட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெய ஊத்தி கைய தேய்ப்ப, அப்புறம் சோப்புத்தூள். அப்பவும் நகக்கண்ணுல கருப்பு போவாது. அந்தக் கையால வேர்க்கடலய உரிச்சு உரிச்சு என் கையில போடுவ. கடலையில லேசா மண்ணெண்ணெய் அடிக்கும். அம்மா திட்டும். எனக்கு அது புடிக்கும்னு உன்கிட்ட சொன்னதே இல்ல.

நாங்க அதே தண்டையார்பேட்டை வூட்டுல தான் இருக்கோம். அதே அடிபம்பு. உன் 14-15 ஸ்பேனர் பொறையில அப்படியே இருக்கு, கைப்பிடி போல்ட்டு லூசானா நான் தான் அத எடுத்து டைட் பண்றேன். தோல் வாஷர் மாத்தறதும் நான் தான். ஊற வெச்சு போடணும்னு யாரும் எனக்கு சொல்லித் தரல, நீ மாத்தறப்போ பக்கத்துல டார்ச்சு புடிச்சு பாத்தது. இப்போ பக்கத்து வூட்டுக்காரங்களும் பம்பு மக்கர் பண்ணா என்னைய தான் கூப்பிடறாங்க. இத உன்கிட்ட சொல்லணும்னு ரொம்ப நாளா நெனப்பு.

எனக்கு கல்யாணம் ஆயிடுச்சு. அவரு நல்ல மனுஷன். ஒரு பையன், ஆறு வயசு. நான் எம்.சி. ரோட்டுல ஒரு ஜவுளிக் கடையில பில்லிங் பாக்கறேன். போட்டோ இப்போ அனுப்பல. நீ கேட்டா அனுப்பறேன்.

18 வருஷம் முன்னாடி நீ ஏன் போன, எங்க போனன்னு கேக்க இத எழுதல. கோவம் இருந்துச்சு. பத்தாவது பரீட்ச எழுதறப்போ ரொம்ப இருந்துச்சு, இப்பவும் சில நாளு வரும். இல்லன்னு சொன்னா பொய். ஆனா அதுக்கு நீ இன்னிக்கு பதில் சொல்ல வேணாம். என்னிக்காவது நீயா பேசணும்னு நெனச்சா கேப்பேன், பேசலன்னா விட்டுடுவேன். திரும்பி வான்னும் கூப்பிடல. காசும் வேணாம்.

எழுதப் போறேன்னு அம்மாகிட்ட சொன்னேன். எழுதுன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல. சாப்பிட்டியான்னு கேட்டுட்டு உள்ள போயிடுச்சு. அது மனசுல என்னன்னு எனக்கே தெரியல, அதனால அது சார்பா எதுவும் எழுதல. இது நான் மட்டும் எழுதறது.

உடனே பதில் போடணும்னு இல்ல. டைப் பண்ண கஷ்டமா இருந்தா வாய்ஸ்ல ரெண்டு வார்த்த பேசு. போன் பண்றதா இருந்தா ராத்திரி எட்டரைக்கு மேல பண்ணு, கடையில எடுக்க விடமாட்டாங்க. பேச வேணாம்னு தோணுச்சுன்னா அதையும் ஒரு வரியில போட்டுடு, திரும்பத் திரும்ப அனுப்பி தொல்ல பண்ண மாட்டேன். இந்த நம்பர மாத்தற ஐடியா எனக்கு இல்ல.

சுகர் இருக்குன்னு அத்தை சொல்லுச்சு. மாத்திரய நேரத்துக்கு போட்டுக்கோ.

தேவி