முதல் நடையின் நான்கு ரூபாய்

டிக்கெட் மெஷின் கைக்கு வராத காலம் அது. ஐந்து ரூபாய்க்கு ஒரு கட்டு, ஆறுக்கு ஒரு கட்டு, ஏழுக்கு ஒரு கட்டு. தோளில் தோல் பை, விரலிடுக்கில் நோட்டுகள். எண்ணூருக்கும் வள்ளலார் நகருக்கும் நடுவே என் பகல் முழுவதும் ஓடிவிடும்.

இரவில் கணக்கு முடிக்க வேண்டும். கட்டில் மேலே நிற்கும் எண்ணிலிருந்து காலையில் இருந்த எண்ணைக் கழித்தால் விற்ற டிக்கெட் தெரியும். அதை விலையால் பெருக்கிப் பணத்தோடு ஒத்துப்பார்ப்போம். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நாள் 135 ரூபாய் குறைந்தது. கை நடுங்கியது. பக்கத்தில் நாணயம் அடுக்கிக்கொண்டிருந்த மூத்த கண்டக்டர், "ஒன்பதால் வகுத்துப் பார், தம்பி" என்றார். வகுத்தேன். மீதி இல்லை.

"அப்படியானால் பணம் எங்கும் போகவில்லை. இரண்டு இலக்கத்தை இடம் மாற்றி எழுதியிருப்பாய்."

ஐந்து ரூபாய்க் கட்டைப் புரட்டினேன். மேலே நின்ற டிக்கெட் 436. நான் எழுதியிருந்தது 463. விற்காத 27 டிக்கெட்டுக்கு ஐந்தைந்து ரூபாயாகப் பணம் தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதின் மடங்குதான். அன்றிலிருந்து மீதியைப் பார்க்காமல் நான் கணக்கை மூடியதில்லை.

சில்லறையிலும் அப்படித்தான். ஆறு ரூபாய் டிக்கெட்டுக்குப் பத்தை நீட்டினால் ஒரு ரூபாய் கேட்பேன். ஏழு என்றால் இரண்டு. ஐந்தால் வகுத்து மிஞ்சுவதை வாங்கிக்கொண்டால் ஒரே ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தில் கதை முடிந்துவிடும். 2021 மே 8 முதல் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நல்ல காரியம், கூடையோடு ஏறும் மீன்காரப் பாட்டிகளின் முகத்திலேயே அது தெரிந்தது. ஆனால் முந்தானை முடிச்சை அவிழ்த்து எண்ணிக் கொடுத்த அந்தக் கைகளிலிருந்துதான் என் பைக்குச் சில்லறை வந்துகொண்டிருந்தது என்பது அதற்குப் பிறகே எனக்கு உறைத்தது. நாணயம் வற்றியது. டிக்கெட்டின் பின்னால் பாக்கியை எழுதிக் கொடுப்பது கூடியது.

அந்த ஆண்டு மழைக்காலத்தில் கணக்கு நான்கு ரூபாய் அதிகம் காட்டியது. மறுநாளும் நான்கு. அதற்கு மறுநாளும். அதிகப் பணத்தையும் கட்டிவிட வேண்டும், கட்டினேன். ஆனால் மனம் ஒப்பவில்லை. யாரோ ஒருவருடைய பணம் அது.

நடைக்கு நடை பையை எண்ணத் தொடங்கினேன். முதல் நடையில் மட்டுமே அந்த நான்கு. ஞாயிற்றுக்கிழமை இல்லை. மூன்று வாரத்தில் இடையே ஒரே ஒரு புதன்கிழமை மட்டும் விடுபட்டிருந்தது. பத்துக்கு ஆறு போனால்தான் நான்கு. ஆகவே ஆறு ரூபாய் டிக்கெட், வாரத்தில் ஆறு நாள் வேலை, விடிகாலை. தேடவேண்டிய ஆள் அநேகமாக என் கண்ணெதிரே நின்றிருக்கிறான்.

மறுநாள் தேரடியில் அவன் ஏறினான். இருபது வயதுகூட இருக்காது. தோளில் பெயின்ட் தெறித்த பை. பத்து ரூபாய் தந்தான். "ஒரு ரூபாய் இருக்கிறதா?" என்றேன். தலையைப் பொதுவாக அசைத்தான். பின்னால் 4 என்று பென்சிலில் எழுதிக் கொடுத்தேன். டிக்கெட்டை நான்காக மடித்துச் சட்டைப் பையில் பத்திரப்படுத்தினான். அகஸ்தியா ஸ்டாப்பில் (தியேட்டர் போய்விட்டது, பெயர் போகவில்லை) எல்லோரோடும் இறங்கிப் போய்விட்டான். கடைசிப் படியில் நின்று கை நீட்டிப் பாக்கி வாங்கும் வழக்கத்தை இந்த ஊரில் அவனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை.

அன்றையதைச் சேர்க்காமல் மூன்று வாரம், பதினெட்டு நாள், அதில் ஒன்று குறைத்தால் பதினேழு. அறுபத்தெட்டு ரூபாய். அன்றைய நான்கையும் கூட்டி எழுபத்திரண்டை வீட்டிலிருந்து தனியாக ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போனேன்.

நீட்டியதும் பின்வாங்கினான். தப்பு ஏதோ செய்துவிட்டதாக நினைத்திருக்க வேண்டும். அவன் பையிலிருந்த பழைய டிக்கெட்டை எடுக்கச் சொல்லி, பென்சில் எழுத்தைத் தொட்டுக் காட்டி, நான்கு விரலை மடக்கி விரித்தேன். முகம் மெல்லத் தெளிந்தது. காகிதத்தைப் பிரித்து, உதடு அசைய எண்ணினான். பிறகு அவனும் ஏதோ கணக்குப் போட்டுப் பார்த்து, நான்கு ரூபாயை என் பக்கம் தள்ளினான்.

"வேண்டாம், சரியாகத்தான் இருக்கிறது" என்றேன். "புதன்கிழமையைக் கழித்துவிட்டேன். அன்று நீ வரவில்லையே?"

பக்கத்திலிருந்த பெரியவர் அவனுக்கு இந்தியில் எடுத்துச் சொன்னார்.

"புகார்" என்றான்.

எனக்குத் திக்கென்றது. யார்மீது புகார்? என்மீதா? அவன் என் கையைப் பிடித்துத் தன் நெற்றியில் வைத்துக் காட்டினான்.

"காய்ச்சலாம்" என்றார் பெரியவர்.