வீடு காலி செய்வது, அட்வான்ஸ் திரும்பத் தருவது குறித்து

ஆகஸ்ட் 29, 2025

வணக்கம் சார்,

இரண்டாம் மாடி 6-ஆம் நம்பர் ஃப்ளாட்டை வருகிற செப்டம்பர் 30, செவ்வாய்க்கிழமை அன்று காலி செய்கிறோம். ஒப்பந்தத்தில் ஒரு மாதம் முன்னதாக எழுத்து மூலம் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. அதனால் இந்தச் செய்தியையே நோட்டீஸாக எடுத்துக்கொள்ளுங்கள். நேற்று போனில் சொன்னதுதான், ஆனாலும் தேதியோடு எழுத்தில் இருப்பது நம் இரண்டு பேருக்கும் நல்லது. கையெழுத்துப் போட்ட பிரதி ஒன்றையும் நாளைக்குக் கொண்டுவந்து தருகிறேன்.

என் கணவருக்கு வேலை வேறு ஊருக்கு மாறிவிட்டது. வீட்டிலோ உங்களிடமோ எந்தக் குறையும் இல்லை. 2022 ஜூனில் குடிவந்ததிலிருந்து, தண்ணீர் மோட்டார் பழுதான நாட்களில்கூட அன்றைக்கே ஆள் அனுப்பியிருக்கிறீர்கள். பையன் நடை பழகியது இந்த வீட்டு ஹாலில்தான். விட்டுப் போக எங்களுக்கும் மனசில்லை.

செப்டம்பர் வாடகையையும் மெயின்டனன்ஸையும் வழக்கம்போல 5-ஆம் தேதிக்குள் உங்கள் கணக்கில் போட்டுவிடுகிறேன். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளச் சொல்ல மாட்டேன். கணக்கு குழம்பாமல் இருக்க, அது தனி, இது தனி என்று வைத்துக்கொள்வோம்.

இப்போது நான் முக்கியமாகக் கேட்க வேண்டியது அட்வான்ஸ் பற்றித்தான். மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்திருக்கிறோம். நீங்கள் கையெழுத்திட்ட ரசீது என்னிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் "வீட்டை ஒப்படைத்த பிறகு, பாக்கியும் சேதமும் இருந்தால் கழித்துக்கொண்டு திருப்பித் தரப்படும்" என்றுதான் இருக்கிறது, எத்தனை நாளில் என்று இல்லை. போகிற இடத்தில் வீட்டுக்குக் கொடுக்க வேண்டிய அட்வான்ஸை இந்தப் பணத்தை நம்பித்தான் பேசியிருக்கிறோம். சாவி ஒப்படைக்கும் அன்றே முழுவதும் கிடைத்தால் பெரிய உதவியாக இருக்கும். அது முடியாது என்றால் எந்தத் தேதியில் தருவீர்கள் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். அதற்கேற்ப நாங்கள் ஏற்பாடு செய்துகொள்வோம். வேறு ஆள் குடிவந்து அவர்கள் அட்வான்ஸ் கொடுத்த பிறகுதான் என்று மட்டும் சொல்ல வேண்டாம் சார், அது எப்போது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

கழிக்க ஏதாவது இருக்கும் என்று நினைத்தால், காலி செய்வதற்கு முன்பே நேரில் வந்து பார்த்துவிடுங்கள். செப்டம்பர் 28 ஞாயிற்றுக்கிழமை காலை வசதிப்படுமா? அதற்குள் பெரிய சாமான்களை மூட்டை கட்டிவிடுவோம், சுவர், தரை எல்லாம் தெரியும். குடிவந்த அன்று எடுத்த போட்டோக்களைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாகச் சேர்ந்தே பார்ப்போம். சுவரில் அடித்த ஆணிகளைப் பிடுங்கி, ஓட்டைகளுக்குப் பட்டி வைத்துவிடுகிறேன். சமையலறை மேல் அலமாரிக் கதவின் கீல் துருப்பிடித்துத் தளர்ந்திருக்கிறது, அது நாள்பட்ட தேய்மானம். படுக்கையறையில் ஜன்னலுக்கு மேலே உள்ள ஈரக்கறை, மேல் வீட்டுக் குளியலறைக் குழாய் கசிந்ததால் வந்தது. போன வருடம் நவம்பரில் போட்டோவோடு உங்களுக்கு அனுப்பியிருந்தேன், நீங்கள் பிளம்பரை வைத்துச் சரிசெய்தீர்கள். கறை மட்டும் அப்படியே இருக்கிறது. இந்த இரண்டையும் எங்கள் கணக்கில் சேர்க்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பெயிண்டிங் செலவு பற்றி ஒப்பந்தத்தில் எதுவும் இல்லை. அதையும் பிடிப்பதாக இருந்தால் முன்கூட்டியே பேசிவிடுவோம். வேறு எதைக் கழித்தாலும் என்ன வேலை, எவ்வளவு என்று பில்லோடு காட்டினால் போதும், நியாயமானதை மறுக்க மாட்டேன்.

கரண்ட் மீட்டரை 30-ஆம் தேதி காலையில் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அதுவரையிலான பில் எங்களுடையது. வாசல் கதவுக்கு மூன்று சாவி, பின்பக்க பால்கனிக்கு ஒன்று, தபால் பெட்டிக்கு ஒன்று என்று எல்லாவற்றையும் ஒன்றாகத் தருவேன். வாங்கிக்கொண்டதாக ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.

புதிதாக வீடு பார்க்க வருபவர்களை அழைத்து வரலாம். முந்தின நாள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மதியம் பையன் தூங்கும் நேரம் மட்டும் வேண்டாம்.

அட்வான்ஸ் தேதியும், 28-ஆம் தேதி வர முடியுமா என்பதும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பதிலாக அனுப்புங்கள் சார். வாடகை எப்போதும் எந்தக் கணக்கிலிருந்து வருகிறதோ அதற்கே அட்வான்ஸையும் அனுப்பலாம்.

இப்படிக்கு,
வித்யா
இரண்டாம் மாடி, 6-ஆம் நம்பர் ஃப்ளாட்