கணக்காய்வுக் குழு உறுப்பினர்களுக்கான குறிப்பு: திருகோணமலைத் தலைமையகக் கூட்டம்

வெளிவாரிக் கணக்காய்வாளரை நியமிப்பது பங்குதாரர். ஆனாலும் கட்டணத்தையும் சுயாதீனத்தையும் முகாமைத்துவத்திடம் விட்டுவிட வேண்டாம். அதே நிறுவனம் நமக்கு வரி ஆலோசனையும் தருகிறது; அந்தக் கட்டணத்தைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

மார்ச் 31 இருப்புக் கணக்கெடுப்புக்கு முன்பே திட்டத்தைக் கேளுங்கள்: முக்கியத்துவ வரம்பு எவ்வளவு, சீனன்குடா குளிர்க் களஞ்சியத்துக்கு யார் நேரில் போகிறார்? மீன் பெட்டிகளை எண்ணினால் போதாது. பனிக்கட்டியைக் கழித்து நிறுக்காவிட்டால் இருப்பு ஊதிப்போய் இலாபமும் கூடிவிடும். இலங்கைக் கணக்காய்வு நியமம் 450இன்படி, திருத்தாமல் விட்ட பிழைகளை அவர்கள் நமக்கு அறிவிக்க வேண்டும். பட்டியல் வெறுமையாக வந்தால் காரணம் கேளுங்கள்.

உள்ளகக் கணக்காய்வுத் தலைவர் இப்போது நிதி முகாமையாளருக்குக் கீழ் இருக்கிறார். இது சரிவராது: அவர் சோதிப்பதே அந்த மேசையைத்தான். அவருடைய நியமனமும் மதிப்பீடும் இந்தக் குழுவிடம் வரட்டும். நிலுவைப் பரிந்துரைகளை 90 நாள் தாண்டியவை, இரண்டாம் முறை திகதி மாற்றியவை எனப் பிரித்துக் கேளுங்கள். “செய்து முடித்தாயிற்று” என்ற பதிலுக்கு ஆதாரம் வேண்டும்.

இரு தரப்பையும் முகாமைத்துவம் இல்லாமல், தனித்தனியாக 15 நிமிடமாவது சந்தியுங்கள்.