ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு மீதான ஒழுங்கு நடவடிக்கை ஆணை: சுருக்கக் குறிப்பு

மருத்துவ அறவியல் வகுப்பில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்வதற்காக எழுதப்பட்ட இக்குறிப்பு, லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டு மீது பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் அமைத்த விசாரணைக் குழு பிறப்பித்த ஆணையைச் சுருக்கித் தருகிறது. விசாரணை 2007 ஜூலையில் தொடங்கியது. எந்தெந்தச் செயல்கள் மெய்ப்பிக்கப்பட்டன என்பதைக் குழு 2010 ஜனவரி 28 அன்றும், அவற்றுக்கு என்ன தண்டனை என்பதை அதே ஆண்டு மே 24 அன்றும் அறிவித்தது. இடையில் ஏறத்தாழ நான்கு மாதங்கள் இருந்தும், செய்திகளைப் படித்த பலர் இரண்டையும் ஒரே தீர்ப்பாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள்.

குற்றச்சாட்டுகள்

தட்டம்மை, புட்டாளம்மை, ரூபெல்லா ஆகியவற்றுக்கான எம்.எம்.ஆர். தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை எழுப்பி, 1998 பிப்ரவரியில் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரைக்கு அடிப்படையாக இருந்த 12 குழந்தைகளைச் சுற்றியே பெரும்பாலான குற்றச்சாட்டுகள் அமைந்திருந்தன. அறநெறிக் குழுவின் உரிய ஒப்புதல் இல்லாமல் அக்குழந்தைகள் ஆய்வுக்கு உட்படுத்தப்பட்டார்கள் என்றும், பெருங்குடல் உள்நோக்கிச் சோதனை, முதுகுத் தண்டுவட நீர் எடுத்தல் போன்றவை சில குழந்தைகளின் சிகிச்சைத் தேவைக்கு மாறாகச் செய்யப்பட்டன என்றும் கூறப்பட்டது. தடுப்பூசி உற்பத்தியாளர்கள் மீது வழக்குத் தொடுக்கவிருந்த பெற்றோருக்காகச் சட்ட உதவி வாரியம் அளித்த பணத்தைக் குறித்து உண்மையை மறைத்தது, லான்செட் ஆசிரியரிடம் நிதித் தொடர்பையும் காப்புரிமை விண்ணப்பத்தையும் வெளிப்படுத்தாதது, தன் மகனின் பிறந்தநாள் விழாவுக்கு வந்த குழந்தைகளிடம் ரத்தம் எடுத்தது ஆகியவையும் குற்றப்பத்திரிகையில் இடம்பெற்றன. எம்.எம்.ஆர். தடுப்பூசி ஆட்டிசத்தை உண்டாக்குமா என்பது குற்றச்சாட்டுகளுள் ஒன்றாக இல்லை.

குழுவின் முடிவுகள்

வழக்கு பழைய விதிகளின்படி நடந்ததால், குற்றவியல் வழக்குகளில் கோரப்படும் ஐயத்துக்கு இடமற்ற மெய்ப்பிப்பு இங்கும் கோரப்பட்டது என்பதை மனத்தில் கொண்டே முடிவுகளைப் படிக்க வேண்டும். அந்த உயர்ந்த அளவுகோலுக்குப் பின்னும், மேலே சொன்ன முதன்மையான குற்றச்சாட்டுகள் மெய்ப்பிக்கப்பட்டதாகக் குழு கொண்டது.

நேர்மையின்மை குறித்த முடிவுகளே ஆணையின் கடினமான பகுதி. கட்டுரையில் குழந்தைகள் வழக்கமான முறையில் பரிந்துரைக்கப்பட்டு வந்த நோயாளிகள் போல விவரிக்கப்பட்டிருந்ததை நேர்மையற்றது, பொறுப்பற்றது எனக் குழு கண்டது. சட்ட உதவி வாரியத்துக்கு அளிக்கப்பட்ட தகவல்களிலும் நேர்மையின்மை இருந்ததாக முடிவு செய்தது. பிறந்தநாள் விழாவில் ஒவ்வொரு குழந்தைக்கும் 5 பவுண்டு கொடுத்து ரத்தம் எடுத்ததையும், அதைப் பின்னர் ஒரு கூட்டத்தில் நகைச்சுவையாகச் சொன்னதையும் பற்றிப் பேசும்போது, குழந்தைகளின் வலியையும் துன்பத்தையும் இரக்கமின்றிப் புறக்கணித்த செயல் என்ற பொருள்பட எழுதியது. தொகையின் சிறுமையால் இதை அற்ப விஷயமாகக் கடந்துவிடுவோர் உண்டு. குழு அப்படிக் கடக்கவில்லை.

இவை எல்லாம் செயல்கள் பற்றிய முடிவுகள். அச்செயல்கள் சேர்ந்து 'தீவிரத் தொழில்முறைத் தவறு' ஆகின்றனவா என்பது தனிக் கேள்வி. அதற்கு 'ஆம்' என்ற விடை மே மாதத்தில்தான் வந்தது. தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டா என்பதை ஆராய்வது தன் வேலையன்று என்று குழுவே தெளிவுபடுத்தியிருப்பதால், 'தடுப்பூசிக் கொள்கைக்காகத் தண்டிக்கப்பட்டார்' என்ற வாதத்துக்கு ஆணையின் வாசகத்தில் ஆதாரம் இல்லை.

தண்டனை

வேக்ஃபீல்டின் சார்பில் தண்டனையைக் குறைக்கக் கோரும் வாதம் எதுவும் வைக்கப்படவில்லை. குறைந்த கடுமையுள்ள நடவடிக்கைகளை எடைபோட்ட குழு, அவை போதா என்று கருதி, மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயரை நீக்க உத்தரவிட்டது.

அதே விசாரணையை எதிர்கொண்ட, லான்செட் கட்டுரையின் இணை ஆசிரியர்களான மற்ற இரு மருத்துவர்கள் பற்றிய முடிவுகளை இதனோடு கலக்கக் கூடாது. ஜான் வாக்கர்-ஸ்மித்தின் பெயரும் நீக்கப்பட்டது. ஆனால் 2012 மார்ச்சில் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. சைமன் மர்ச் தீவிரத் தவறு இழைத்தவர் அல்லர் என்று குழுவே சொல்லிவிட்டது. வாக்கர்-ஸ்மித் வழக்கின் தீர்ப்பு அவர் ஒருவருக்கே உரியது; வேக்ஃபீல்டின் பெயர் நீக்கம் அதனால் மாறவில்லை.

1998 கட்டுரையை லான்செட் 2010 பிப்ரவரி 2 அன்று திரும்பப் பெற்றது. ஜனவரி முடிவுகளைத் தொடர்ந்து இதழ் தானாக எடுத்த நடவடிக்கை அது. கவுன்சில் விதித்த தண்டனையின் பகுதி அன்று.