7ஆம் இலக்கப் பிரதி: நடுவர் மதிப்புரை

மட்டக்களப்பில் நடைபெறும் இளையோர் மொழிபெயர்ப்புத் தெரிவுக்காக எனக்கு அனுப்பப்பட்ட ஒன்பது பிரதிகளுள் இது ஏழாவது. குறுந்தொகையின் 49ஆம் பாடலாகிய அம்மூவனாரின் நெய்தற் பாட்டை இதன் மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் ஆறு அடிகளாகத் தந்திருக்கிறார். எல்லாருக்கும் தெரிந்த செம்புலப் பெயல்நீர்ப் பாட்டை விட்டுவிட்டு இதை எடுத்த துணிவை முதலில் பாராட்டுகிறேன். மூலம் இது:

அணிற்பல் அன்ன கொங்குமுதிர் முண்டகத்து
மணிக்கேழ் அன்ன மாநீர்ச் சேர்ப்ப
இம்மை மாறி மறுமை யாயினும்
நீயா கியரெங் கணவனை
யானா கியர்நின் நெஞ்சுநேர் பவளே.

படிமத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் பிரதியின் பலம் அங்கேதான் இருக்கிறது. அணிற்பல் என்னும் உவமையை மொழிபெயர்ப்பாளர் முள்ளுக்கு உரியதாகக் கொண்டு, முண்டகமாகிய முள்ளிச் செடியின் முட்கள் அணிலின் பற்களைப்போலச் சிறிதாகவும் கூராகவும் இருப்பதை நேராகச் சொல்லியிருக்கிறார். இங்கே சிலர் அணிலை விட்டுவிட்டு வெறும் கூர்முள் என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதினால் தலைவியின் கண் எவ்வளவு அருகில் சென்று பார்க்கிறது என்பதே மறைந்துபோகும். பிரதியில் அந்த அருகாமை தப்பியிருக்கிறது. கொங்குமுதிர் என்பதை மட்டும் 'ஃப்ரேக்ரன்ட்' என்று சுருக்கியது குறை. கொங்கு இங்கே தாது, அது முதிர்ந்திருக்கிறது. முள்ளும் முதிர்ந்த தாதும் ஒரே செடியில் இருப்பதுதான் பாட்டின் பிற்பகுதிக்கு வேண்டிய தயாரிப்பு. இன்பம் தந்தவனே நோவும் தந்தான் என்பதை நிலமே முந்திச் சொல்லிவிடுகிறது. மணமுடையது என்று மட்டும் சொன்னால் பாதி உள்ளுறை போய்விடுகிறது.

சேர்ப்பனை 'லார்ட் ஆஃப் த லகூன்' என்று ஆக்கியதைப் பற்றி இரண்டாவது நடுவருக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு வரக்கூடும் என்பதால் என் காரணத்தை எழுதிவைக்கிறேன். சேர்ப்பு என்பது கடற்கரை. மாநீரைக் கருங்கடல் என்று கொள்வதே பெருவழக்கு. ஆயினும் முண்டகம் அலை வந்து அடிக்கும் மணலில் வளர்வதன்று, உப்பும் நன்னீரும் கலக்கும் கழிச்சேற்றில் வளர்வது. கல்லடிப் பாலத்தில் நின்று வாவியின் இரு கரைகளையும் பார்த்து வளர்ந்த ஒருவர் இந்தச் செடியைப் படித்ததும் கழியை நினைப்பதில் பிழை காண எனக்கு மனமில்லை. அந்தச் சொல் மூலத்தின் நிலத்தைக் கெடுக்கவில்லை, நமக்குத் தெரிந்த ஒரு மூலைக்குள் ஒதுக்குகிறது என்பதே உண்மை. ஆனால் மணிக்கேழ் என்பதை 'ப்ளூ அஸ் எ ஜெம்' என்றது சோம்பல். இங்கே மணி நீலமணி. 'சஃபையர்' என்ற சொல் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது.

இதைவிடப் பெரிய இழப்பு சொல்வரிசையில் நேர்ந்திருக்கிறது. மூலத்தில் இரண்டாம் அடியின் கடைசிச் சீர்வரை தலைவனை விளிக்கும் சொல் வருவதில்லை. முள், தாது, நீரின் நிறம் ஆகியவற்றையெல்லாம் கடந்த பிறகே 'சேர்ப்ப' என்று அவன் பக்கம் திரும்புகிறாள். பிரதி அந்த விளியையே முதற்சொற்களாக வைத்து, பின்னர் நிலத்தை விவரிக்கிறது. ஆங்கில இலக்கணம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை. நிலத்தை முன்னே நிறுத்தி விளியைப் பின்னுக்குத் தள்ளும் வாக்கியம் அம்மொழியிலும் இயலும். முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்த ஒருத்தி மெல்லத் திரும்பும் அசைவு இதனால் பிரதியில் இல்லாமற் போயிற்று.

யாப்பைப் பொறுத்தவரை, தமிழில் அசை எழுத்தின் குறில் நெடிலாலும் ஒற்றாலும் அமைவது, ஆங்கிலத்தில் அடி அழுத்தத்தால் அமைவது. ஒன்றை மற்றொன்றில் அப்படியே ஊற்ற முடியாது. ஆகவே அதே யாப்பு வந்திருக்கிறதா என்று நான் கேட்கவில்லை, அந்த யாப்பு செய்த வேலை நடந்திருக்கிறதா என்றே கேட்கிறேன். மூலம் நேரிசை ஆசிரியப்பா. நான்கு அடிகள் நாற்சீர் அளவடிகளாக இருக்க, ஈற்றயலடி மட்டும் முச்சீராய்க் குறைகிறது. 'நீயா கியரெங் கணவனை' என்ற அந்தக் குறைந்த அடியில் மூச்சு ஒரு கணம் நிற்கிறது, பிறகு 'யானா கியர்' என்று கடைசி அடி முழு நீளத்தோடு எழுகிறது. சொல்லக் கூசும் ஒன்றைச் சொல்வதற்கு முன் வரும் தயக்கம் அது. பிரதியில் ஆறு அடிகளும் ஐந்து அழுத்தங்களோடு ஒரே அளவில் ஓடுகின்றன. நான்கு அழுத்த அடிகளிடையே ஒன்றை மூன்றாகக் குறைத்திருந்தாலே போதுமாயிருந்திருக்கும்.

அதைவிட என்னைக் கவலைப்படுத்துவது இறுதி இரண்டு அடிகளும் 'லைஃப்', 'வைஃப்' என்று இயைபுபட முடிவது. மூலத்தில் உள்ளது இயைபன்று. முதலிரு அடிகளில் 'அணி', 'மணி' என்ற எதுகை, 'மாறி', 'மறுமை' என்ற மோனை, 'நீயாகியர்', 'யானாகியர்' என்ற எதிரெதிர் நிறுத்தம். அகவலோசை பேச்சை ஒட்டியது. இயைபு அதைத் திருமணப் பாட்டாக்கிவிடுகிறது.

உணர்வு கெட்ட இடமும் அதே 'வைஃப்' தான். பாட்டின் துறையை மொழிபெயர்ப்பாளர் கவனிக்கவில்லை என்றே நினைக்கிறேன். பரத்தையிடம் சென்று மீண்ட தலைவனிடம் தலைவி பேசுவது இது. இவள் ஏற்கெனவே அவனுடைய மனைவி. மறுபிறப்பில் அந்த நிலையை வேண்டவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. அவள் வேண்டுவது நெஞ்சுநேர்பவள் என்ற இடத்தை, அதாவது அவன் நெஞ்சு ஒத்துக்கொள்ளும் பெண்ணாக இருப்பதை. இந்தப் பிறப்பில் அந்த இடத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்ற குற்றச்சாட்டைச் சொல்லாமலே சொல்லும் சொல் அது. கணவன் என்ற உறவுச்சொல்லை அவனுக்குக் கொடுத்தவள், தனக்கு அதற்கிணையான உறவுச்சொல்லைக் கேட்கவில்லை என்பதில்தான் பாட்டின் நோவு முழுவதும் இருக்கிறது. பிரதி அந்தச் சமனின்மையைச் சமன் செய்து, கணவன் மனைவி என்று அழகாக ஜோடி சேர்த்துவிட்டது. 'ஆகியர்' என்னும் வியங்கோளை 'வில் பி' என்று உறுதிமொழியாக்கியதும் இந்தப் பிழையின் தொடர்ச்சியே. 'மே யூ பி' என்றிருந்தால் வேண்டுதலின் நடுக்கமாவது மிஞ்சியிருக்கும். இதன் விளைவாக, நோவோடு இணங்கும் ஒருத்தியின் குரல் மகிழ்ந்த மணப்பெண்ணின் சபதமாக ஒலிக்கிறது.

நமது காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் 1926இல் மதங்கசூளாமணியில் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழர்க்கு அறிமுகப்படுத்தியதை இவ்விடத்தில் நினைக்கிறேன். மறுதிசையில் நடக்க விரும்பும் இளையோருக்கும் இந்த மண்ணில் முன்னோர் உண்டு என்பதற்காகவே அதைக் குறிப்பிட்டேன்.

படிமத்துக்கு நாற்பதில் முப்பது, யாப்புக்கு முப்பதில் பதினைந்து, உணர்வுக்கு முப்பதில் பத்து, ஆக மொத்தம் ஐம்பத்தைந்து புள்ளிகள் வழங்குகிறேன். முதலிடத்துக்கு இதை நான் பரிந்துரைக்கவில்லை. எனினும் இறுதி இரண்டு அடிகளை மட்டும் மாற்றி எழுத மொழிபெயர்ப்பாளருக்கு இரண்டு வார அவகாசம் அளித்து, திருத்திய பிரதியைத் தொகுப்பில் சேர்க்குமாறு ஏற்பாட்டாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன். அணிற்பல்லை இவ்வளவு கவனமாகப் பார்த்த கண்ணுக்கு நெஞ்சுநேர்பவளையும் பார்க்க முடியும்.